நடப்பு விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் என்ன அர்த்தம்? படிப்படியாகப் பார்ப்போம்

பேலன்ஸ் ஷீட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் போட்டுப் பார்க்கிற முதல் கணக்கு நடப்பு விகிதம்தான். போடுவது சுலபம், ஒரே ஒரு வகுத்தல். விடை 2 வந்தால் நிம்மதி, 0.8 வந்தால் பயம். "கடனை அடைக்க இந்த நிறுவனத்திடம் பணம் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த 0.8 அப்படி எதையும் சொல்லவில்லை. அதை முழுசாக விசாரிக்க இன்னும் ஒரு மணி நேரம் போதும், பெரிய கணக்கறிவும் தேவையில்லை. அந்த விசாரணையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

பேலன்ஸ் ஷீட்டில் நடப்புச் சொத்துகள் என்று ஒரு பகுதி இருக்கும். கையிலும் வங்கியிலும் உள்ள பணம், வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, முன்கூட்டியே கட்டிவிட்ட செலவுகள் போன்றவை அதில் அடங்கும். பொதுவாக 12 மாதத்துக்குள் பணமாக மாறும் அல்லது பயன்பட்டுத் தீரும் என்று எதிர்பார்க்கப்படுபவை இவை. எதிர்ப்பக்கத்தில் நடப்புப் பொறுப்புகள் இருக்கும். சப்ளையர்களுக்குத் தர வேண்டியது, குறுகியகாலக் கடன், நீண்டகாலக் கடனில் இந்த 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய தவணை, வரி, சம்பள பாக்கி எல்லாம் அங்கே வரும்.

```
நடப்பு விகிதம் = நடப்புச் சொத்துகள் ÷ நடப்புப் பொறுப்புகள்
விரைவு விகிதம் = (பணம் + உடனே விற்கக்கூடிய முதலீடு + வரவேண்டிய பாக்கி) ÷ நடப்புப் பொறுப்புகள்
```

விரைவு விகிதத்தில் சரக்கிருப்பு சேராது. சரக்கை முதலில் விற்க வேண்டும், விற்றபின் வசூலிக்க வேண்டும். அவசரத்துக்கு விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். சில பாடப்புத்தகங்கள் "நடப்புச் சொத்தில் சரக்கை மட்டும் கழித்தால் போதும்" என்று சொல்லும். அப்படிச் செய்தால் முன்கூட்டிக் கட்டிய காப்பீட்டுத் தொகை, வாடகை எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். கட்டிவிட்ட வாடகையைக் கொண்டுபோய் யாருடைய கடனையும் அடைக்க முடியாது. அதனால் மேலே உள்ளபடி கூட்டிக்கொண்டு வருவதே நல்லது.

நடப்பு விகிதம் 2 இருக்க வேண்டும், விரைவு விகிதம் 1 இருக்க வேண்டும் என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. இது கடன் கொடுப்பவர்களின் பார்வையில் பிறந்த விதி. நாளைக்கே கடையை மூடி, உள்ளதை அவசரமாக விற்றால் பாதிதான் தேறும், அந்தப் பாதியிலும் நம் பணம் வந்துவிட வேண்டும் என்பது அதன் தர்க்கம். மூடப்போகும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். தினமும் விற்று, தினமும் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை அதை வைத்து மட்டும் எடைபோட முடியாது.

ஒரே 0.8, இரண்டு நிறுவனங்கள்

இரண்டு கற்பனை நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பல கிளைகள் உள்ள சில்லறைக் கடை. இன்னொன்று, இயந்திர பாகங்கள் செய்து மற்ற நிறுவனங்களுக்குக் கடனுக்கு விற்கும் ஆலை. தொகைகள் எல்லாம் லட்சத்தில்.

| | கடை | ஆலை |
|---|---|---|
| பணம் | 120 | 20 |
| வரவேண்டிய பாக்கி | 20 | 200 |
| சரக்கிருப்பு | 240 | 160 |
| முன்கூட்டிய செலவுகள் | 20 | 20 |
| நடப்புச் சொத்துகள் | 400 | 400 |
| சப்ளையர்களுக்குத் தர வேண்டியது | 380 | 170 |
| வாடிக்கையாளர் முன்பணம் | 70 | – |
| வங்கிக் குறுகியகாலக் கடன் | – | 220 |
| நீண்டகாலக் கடனின் இந்த ஆண்டுத் தவணை | – | 70 |
| வரி, சம்பள பாக்கி | 50 | 40 |
| நடப்புப் பொறுப்புகள் | 500 | 500 |

இரண்டுக்கும் நடப்பு விகிதம் 400 ÷ 500, அதாவது 0.80. சரி, விரைவு விகிதம் வேறுபாட்டைக் காட்டுமா? கடைக்கு 140 ÷ 500 = 0.28. ஆலைக்கு 220 ÷ 500 = 0.44. விரைவு விகிதத்தை நம்பினால் ஆலைதான் பலமானது என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது எவ்வளவு தவறு என்று தெரியும்.

படி 1: யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

விகிதம் குறைவாக இருந்தால் என் கண் முதலில் போவது பொறுப்புகள் பக்கம்தான். சொத்துப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த 500-ஐ யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று வரிக்கு வரி பென்சிலால் குறித்துக்கொள்வேன். மூன்று வகையாகப் பிரித்தால் போதும்.

முதல் வகை, பணமாகக் கொடுக்க வேண்டாதவை. கடையின் 70 லட்சம் முன்பணம் அப்படிப்பட்டது. வாடிக்கையாளர்கள் பரிசுச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள், அல்லது பொருளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கடை தரப்போவது பொருள். விற்கும் விலையில் 80% கொள்முதல் செலவு என்றால், 70 லட்சப் பொறுப்பைத் தீர்க்க 56 லட்சம் மதிப்புள்ள சரக்கு போதும். சந்தா வாங்கும் மென்பொருள் நிறுவனங்கள், முன்பதிவில் டிக்கெட் விற்கும் விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் நடப்புப் பொறுப்பில் இந்த வகை பெரிதாக இருக்கும். அங்கே விகிதம் குறைவாக வந்தால், வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே பணம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தமாக இருக்கலாம்.

இரண்டாவது வகை, சுழன்றுகொண்டே இருப்பவை. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி இது. இன்று பழைய பில்லைக் கட்டினால், இன்றே புதிய சரக்கு கடனுக்கு வருகிறது. வியாபாரம் ஓடும்வரை மொத்தத் தொகை பெரிதாகக் குறைவதில்லை.

மூன்றாவது வகை, குறிப்பிட்ட தேதியில் பணமாகவே கட்ட வேண்டியவை. வங்கிக் கடன், கடன் தவணை, வரி, சம்பளம். இவற்றில் வங்கிக் கடன் தனி ரகம். ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம் என்று வங்கி சொல்லும்வரை அது சுழலும் கடன் போலத் தோன்றும். புதுப்பிக்க மாட்டோம் என்று ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே தேதியிட்ட கடன் ஆகிவிடும்.

இப்படிப் பிரித்தால் கடையின் 500-இல் மூன்றாவது வகை வெறும் 50. ஆலையின் 500-இல் 330. ஒரே விகிதத்துக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. கடையின் 0.8-க்குக் காரணம், சப்ளையர்களும் வாடிக்கையாளர்களும் வட்டி இல்லாமல் கொடுத்து வைத்திருக்கும் பணம். ஆலையின் 0.8-க்குக் காரணம், நீண்டநாள் தேவைக்குக் குறுகியகாலக் கடனைப் பயன்படுத்தியது. இயந்திரம் வாங்கியதற்கோ, போன ஆண்டுகளின் நஷ்டத்தை அடைத்ததற்கோ, வங்கியின் ஓராண்டுக் கடன் போயிருக்கிறது. இயந்திரம் 10 ஆண்டில் பணத்தைத் திருப்பித் தரும், வங்கி 12 மாதத்தில் கேட்கும்.

இந்தப் படியிலேயே கவனிக்க வேண்டிய இரண்டு கணக்கு விதிகள் உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி, குத்தகை வாடகையும் கடனாகப் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்துவிட்டது. அதில் அடுத்த 12 மாதத்துக்குரிய பகுதி நடப்புப் பொறுப்பில் உட்காரும், ஆனால் அதற்கு எதிரான சொத்து நீண்டகாலச் சொத்தில் இருக்கும். அதனால் பல கிளைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களின் விகிதம் அந்த ஆண்டில், தொழிலில் எதுவும் மாறாமலேயே, சரிந்தது. இன்னொன்று, கடன் ஒப்பந்த நிபந்தனை மீறல். கணக்காண்டு முடிவதற்குள் நிபந்தனை மீறப்பட்டு, உடனே திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிட்டால், ஐந்தாண்டுக் கடன்கூட மொத்தமாக நடப்புப் பொறுப்புக்குப் போய்விடும். ஆண்டு முடிவதற்கு முன்பே வங்கி குறைந்தது 12 மாத அவகாசம் தந்திருந்தால் மட்டும்தான் அது பழைய இடத்தில் நிற்கும். ஒரே ஆண்டில் விகிதம் 1.5-இலிருந்து 0.6-க்கு விழுந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். பேலன்ஸ் ஷீட்டோடு வரும் குறிப்புகளில், கடன் பற்றிய குறிப்பில் எழுதியிருக்கும்.

படி 2: நடப்புச் சொத்துக்கு வெளியே பணம் இருக்கிறதா?

இது சின்னப் படி, ஆனால் இதைத் தாண்டிப்போய் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆப்பிள் நிறுவனத்தின் 2023 செப்டம்பர் 30 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்புச் சொத்து 143.6 பில்லியன் டாலர், நடப்புப் பொறுப்பு 145.3 பில்லியன். விகிதம் 0.99. ஆனால் அதே பேலன்ஸ் ஷீட்டில், நீண்டகாலச் சொத்துகளின் கீழ், சந்தையில் விற்கக்கூடிய பத்திரங்கள் 100.5 பில்லியன் டாலருக்கு இருந்தன. முதிர்வுக் காலம் ஓராண்டைத் தாண்டுவதால் அவை நடப்புச் சொத்தில் சேரவில்லை, அவ்வளவுதான். தேவைப்பட்டால் விற்கலாம். போதாததற்கு, அந்த ஆண்டு தொழிலிலிருந்து வந்த பணம் மட்டும் 110 பில்லியன் டாலருக்கு மேல்.

எனவே விகிதம் குறைவாக இருந்தால் நீண்டகால முதலீடுகள் என்ற வரியையும், வங்கி ஒப்புதல் தந்து இன்னும் எடுக்கப்படாத கடன் வரம்பையும் பாருங்கள். எடுக்கப்படாத வரம்பு பேலன்ஸ் ஷீட்டில் எங்கும் தெரியாது, குறிப்புகளில்தான் இருக்கும். அந்த வரம்பு எந்தத் தேதிவரை செல்லும், எந்த நிபந்தனையில் வங்கி அதை ரத்து செய்யலாம் என்பதையும் சேர்த்தே படியுங்கள். நம் ஆலைக்கு நீண்டகால முதலீடும் இல்லை, எடுக்காத வரம்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: நாள் கணக்கு

விகிதம் தொகையைத் தொகையோடு ஒப்பிடுகிறது. கடன் கழுத்தை நெரிப்பதோ தேதியால். அதனால் தொகைகளை நாட்களாக மாற்ற வேண்டும். வரவேண்டிய பாக்கியை ஒரு நாள் விற்பனையால் வகுங்கள். சரக்கையும் சப்ளையர் பாக்கியையும், விற்ற பொருளின் ஒரு நாள் அடக்கச் செலவால் வகுங்கள்.

கடையின் ஆண்டு விற்பனை 3,650, அடக்கச் செலவு 2,920. ஒரு நாள் விற்பனை 10, ஒரு நாள் செலவு 8. சரக்கு 240 ÷ 8 = 30 நாள் இருக்கிறது. வாடிக்கையாளர் பாக்கி 20 ÷ 10 = 2 நாளில் வந்துவிடுகிறது. சப்ளையருக்கு 380 ÷ 8 = 47.5 நாளில் கொடுக்கிறார்கள். அதாவது சரக்கு உள்ளே வந்து 32 நாளில் பணமாகிவிடுகிறது. அதற்கான பில்லை அதற்கும் 15 நாளுக்குப் பிறகுதான் கட்ட வேண்டும். கடைக்கு நடப்பு விகிதம் 1-க்குக் கீழே இருப்பது இயல்பான நிலை. தொழில் அமைந்த விதமே அப்படி.

ஆலையின் ஆண்டு விற்பனை 730, அடக்கச் செலவு 584. ஒரு நாள் விற்பனை 2, ஒரு நாள் செலவு 1.6. சரக்கு 100 நாள், வசூல் 100 நாள், சப்ளையருக்குக் கொடுப்பது 106 நாள். பணம் வெளியே போய்த் திரும்பி வர 94 நாள் ஆகிறது.

இங்கே அந்த 106-இல் கொஞ்சம் நில்லுங்கள். சப்ளையர்களோடு பேசிவைத்த கெடு 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு 60 நாளில் கொடுத்தார்கள். இந்த ஆண்டு 106. ஆலை கேட்டு வாங்கிய சலுகையாக இது இருக்க முடியாது. கொடுக்க முடியாமல் இழுத்தடித்ததால் வந்த எண் இது. 46 நாள் கூடுதலாக இழுத்ததில், நாளுக்கு 1.6 வீதம், ஏறக்குறைய 74 லட்சம் ஆலையிடமே தங்கிவிட்டது.

இப்போது பணப்பாய்வு அறிக்கையைத் திறந்தால், தொழிலிலிருந்து வந்த பணம் +15 என்று இருக்கிறது. கூட்டல் குறிதானே என்று பலரும் நிம்மதியாகக் கடந்துவிடுவார்கள். சப்ளையர்களைக் காக்க வைத்த 74-ஐக் கழித்தால் அந்த +15 ஏறக்குறைய –59 ஆகிறது. ஆலை தன் தொழிலில் பணத்தை இழந்துகொண்டிருக்கிறது. சப்ளையர்கள் தங்களுக்கே தெரியாமல் அதற்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடையின் பணப்பாய்வு +180. அதில் சப்ளையர் நாட்கள் போன ஆண்டைவிட மாறவில்லை. எனவே அது நம்பத்தக்கது.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம், எனக்குப் பிடித்தது இது. ஆலையின் குறிப்பில் குறுகியகாலக் கடனுக்கு ஆண்டு வட்டி 36 என்றும், வட்டி விகிதம் 12% என்றும் இருக்கிறது. 36 ÷ 0.12 = 300. ஆண்டு முழுக்கச் சராசரியாக 300 லட்சம் கடன் இருந்திருக்க வேண்டும். ஆண்டுக் கடைசி நாளில் மட்டும் 220. அந்த 80 லட்சத்தைக் கடைசி வாரங்களில் வங்கியில் கட்டியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது? சப்ளையர் பில்களை நிறுத்தி வைத்ததிலிருந்து. வங்கிக்குக் கொடுக்க வேண்டியது குறைந்து, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது அதே அளவு கூடினால், மொத்தப் பொறுப்பு மாறாது. நடப்பு விகிதத்தில் ஒரு புள்ளிகூட அசையாது. அதனால்தான் விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

படி 4: அடுத்த 90 நாளுக்கு ஒரு தாள்

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அடுத்த 90 நாளில் உண்மையிலேயே கைக்கு வரும் பணம். வலப்பக்கம் அதே 90 நாளில் கட்டியே ஆக வேண்டியவை.

ஆலையின் வரவேண்டிய பாக்கி 200. வயது வாரியாகப் பார்த்தால், 60 நாளுக்குட்பட்டது 90, 60 முதல் 120 நாள்வரை 60, 120 நாளைத் தாண்டியது 50. முதல் 90 வந்துவிடும் என்று வைப்போம். இரண்டாவதில் 40 வரும். 120 நாளைத் தாண்டியதில் எதுவும் வராது என்றே நான் எழுதுவேன், வந்தால் நல்லது. இன்று முதல் விற்பதற்கு 100 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்பதால் அது இந்தத் தாளில் ஏறாது. கையில் உள்ள 20-ஐச் சேர்த்தால் இடப்பக்கம் 150.

வலப்பக்கம்: 45 நாள் கெடுவுக்கு உட்பட்ட சப்ளையர் பாக்கி 1.6 × 45 = 72. மொத்தம் 170 என்பதால் கெடு தாண்டியது 98. வரி, சம்பள பாக்கி 40. கடன் தவணை 70-ஐ அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறார்கள், ஒன்று இந்த 90 நாளுக்குள் விழுகிறது, எனவே 35. மொத்தம் 173.

23 லட்சம் துண்டு விழுகிறது. இதில் வங்கியின் 220-ஐ நான் சேர்க்கவே இல்லை, வங்கி புதுப்பித்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன். கெடு தாண்டாத 72-ஐயும், வரும் மூன்று மாதச் சம்பளத்தையும், புதுச் சரக்குக்கு ரொக்கம் கேட்கக்கூடிய சப்ளையர்களையும் சேர்க்கவில்லை. இத்தனை சலுகை கொடுத்தும் தாள் தேறவில்லை. விரைவு விகிதம் 0.44 என்று பலமாகத் தெரிந்ததே, அதில் 50 லட்சம் யாரும் கட்டாத பழைய பாக்கி. விரைவு விகிதம் எல்லாப் பாக்கியையும் பணத்துக்குச் சமமாக எண்ணுகிறது, அதன் பெரிய பலவீனம் அதுதான்.

படி 5: நல்ல 0.8 எப்போது கெட்டதாகும்?

ஆலையைப் பார்த்துவிட்டுக் கடையை நம்பிவிடக் கூடாது. கடையின் நிலை சப்ளையர்களின் நம்பிக்கையில் நிற்கிறது. விற்பனை 20% குறைந்தால், ஒரு நாள் செலவு 8-இலிருந்து 6.4 ஆகும். சப்ளையர் பாக்கி 380-இலிருந்து 304 ஆகச் சுருங்கும், அதாவது 76 லட்சம் வெளியே போகும். சரக்கையும் அதே வேகத்தில் குறைக்க முடிந்தால் 48 திரும்பி வரும். மீதி 28-ஐக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். தாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சப்ளையர்கள் பயந்துபோய், 47.5 நாளைக் குறைத்து 30 நாள்தான் தருவோம் என்றால் கணக்கே மாறும். 8 × 30 = 240. 380-க்கும் 240-க்கும் வித்தியாசம் 140, அது சில வாரங்களிலேயே வெளியே போகும். கடையின் கையில் இருப்பது 120. லாபத்தில் ஓடும் கடை, விற்பனை குறையாத கடை, வெறும் கெடு குறைந்ததாலேயே பணம் இல்லாமல் நிற்கும். 2017-இல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடை நிறுவனத்துக்கு நடந்ததில் இந்தப் பகுதியும் உண்டு. அதற்கு மலையளவு நீண்டகாலக் கடன் ஏற்கெனவே இருந்தது. அது திவால் பாதுகாப்பை யோசிக்கிறது என்ற செய்தி செப்டம்பர் முதல் வாரத்தில் வெளியானதும், சப்ளையர்கள் கடனுக்குச் சரக்கு அனுப்பத் தயங்கி ரொக்கம் கேட்டார்கள். அந்த மாதம் 18-ஆம் தேதியே திவால் மனு தாக்கலானது.

அதனால் கடை போன்ற நிறுவனத்தில் நான் தேடுவது இரண்டே விஷயம். சப்ளையர் நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு நிலையாக இருக்கின்றனவா? கெடு 15 நாள் சுருங்கினால் தாங்கும் அளவு பணமோ, எடுக்காத வங்கி வரம்போ இருக்கிறதா?

விகிதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் உள்ள பொறி

போன ஆண்டோடு ஒப்பிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் விகிதம் 1-க்குக் கீழே இருக்கும்போது ஏற்ற இறக்கம் தலைகீழாக நடந்துகொள்ளும். 400 ÷ 500-ஐ எடுத்துக்கொள்வோம். நிறுவனம் கடன் கொடுத்தவர்களுக்கு 100-ஐ ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறது. 300 ÷ 400 = 0.75. விகிதம் இறங்கிவிட்டது! மாறாக, 100-க்குச் சரக்கைக் கடனுக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறது. 500 ÷ 600 = 0.83. விகிதம் ஏறிவிட்டது.

1-க்கு மேலே இருந்தால் இது மாறி நடக்கும். 300 ÷ 200 = 1.5 உள்ள நிறுவனம் ஆண்டு முடிவுக்கு முந்தின நாள் 100-ஐக் கட்டினால் 200 ÷ 100 = 2.0 ஆகிவிடும். அடுத்த வாரம் மறுபடி கடன் வாங்கிக்கொள்ளும். 2 என்ற விதியைத் திருப்திப்படுத்த நிறையப் பேர் செய்கிற வேலை இது. மேலே சொன்ன வட்டிக் கணக்கு இதையும் காட்டிக்கொடுக்கும்.

விற்காத சரக்கும் வசூலாகாத பாக்கியும் சேர்வதாலும் நடப்பு விகிதம் ஏறலாம். எனவே ஏறியது நல்லது, இறங்கியது கெட்டது என்று எழுதுவதற்கு முன் எந்த வரி மாறியதால் ஏறியது அல்லது இறங்கியது என்று பாருங்கள். பருவகாலத் தொழிலாக இருந்தால் ஒரே ஆண்டின் இரு காலாண்டுகளை ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஆலைக்கு என்ன செய்யலாம்?

இப்படிப்பட்ட ஆலைகளுக்கு வழக்கமாக வங்கி முன்வைக்கும் யோசனை, குறுகியகாலக் கடனில் ஒரு பகுதியை ஐந்தாண்டுக் கடனாக மாற்றுவது. 220-இல் 150-ஐ அப்படி மாற்றினால், அதில் ஆண்டுக்கு 30 மட்டும் நடப்புப் பொறுப்பில் நிற்கும், 120 வெளியே போய்விடும். 400 ÷ 380 = 1.05. ஒரு பைசா புதிதாக வராமலே விகிதம் 1-ஐத் தாண்டிவிட்டது. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

அந்த 1.05-ஐப் பார்க்கும்போது சொத்துப் பக்கத்தையும் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். 120 நாளைத் தாண்டிய பாக்கி 50 இருக்கிறது. சரக்கு 160-இல் ஓராண்டாக அசையாமல் கிடப்பது 50 என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் கழித்தபின் நடப்புச் சொத்து 300. முன்பு 300 ÷ 500 = 0.60 தான் ஆலையின் உண்மையான விகிதம். கடனை மாற்றியமைத்தபின் 300 ÷ 380 = 0.79. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது போலத் தெரிந்தாலும் இது வேறு 0.8. வங்கி 12 மாதத்தில் கேட்கக்கூடிய தொகை 220-இலிருந்து 100-க்கு, அதாவது மீதமுள்ள 70-க்கும் புதிய கடனின் தவணை 30-க்கும், இறங்கியிருக்கிறது. ஆலைக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது.

அந்த அவகாசத்தில் ஆலை வேலை செய்கிறதா என்பதை அடுத்த இரண்டு காலாண்டுகளில் வசூல் நாட்களில்தான் தேட வேண்டும். 100 நாள் 70 ஆனால், நாளுக்கு 2 வீதம் 60 லட்சம் விடுபடும். கெடு தாண்டிய 98-இல் பெரும்பகுதியை அதைக் கொண்டே அடைக்கலாம். சப்ளையர் நாட்கள் 106-இலிருந்து கீழே வரும். அப்போது பணப்பாய்வு சில மாதங்களுக்குக் கழித்தல் குறியோடு வரும், சுத்தம் செய்து பார்த்த அந்த 0.79 இன்னும் கொஞ்சம் இறங்கும். வசூல் நாட்களும் சப்ளையர் நாட்களும் சேர்ந்து குறைந்துகொண்டிருக்கும் வரை, அந்த இறக்கத்தைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன்.